சைவ வீட்டுப் பையனின் மூளையில் பன்றி நாடாப்புழு எப்படி வந்தது?

"ஐயா, நாங்கள் குடியாத்தத்தில் சின்ன டிபன் கடை வைத்திருக்கிறோம். தலைமுறையாகச் சைவம். என் மகனுக்கு 13 வயது. போன மாதம் பள்ளியில் வலது கை வெட்டி வெட்டி இழுத்து, வாய் கோணி, நினைவு தப்பி விழுந்துவிட்டான். ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் 11 மில்லிமீட்டர் வளையம் ஒன்று, உள்ளே ஒரு புள்ளி, சுற்றிலும் வீக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். பன்றி நாடாப்புழு என்கிறார் டாக்டர். வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, அப்புறம் பூச்சி மாத்திரை என்று கொடுத்திருக்கிறார். யார் வீட்டில் பன்றிக்கறி தின்றாய் என்று கேட்டு அவன் அப்பா அடித்துவிட்டார். அவன் சத்தியமாக இல்லை என்கிறான். மாமியார் முட்டைகோஸ்தான் காரணம் என்கிறார். புழு மூளையில் வளருமா? தங்கைக்கு ஒட்டுமா? கடையில் எங்களோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் இருவர் அசைவம். அவர்களை நிறுத்திவிட வேண்டுமா?"

— ஒரு தாய், குடியாத்தம்

அம்மா, முதலில் உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. பன்றிக்கறி தின்றதால் யாருக்கும் நேரடியாக மூளையில் இந்தக் கட்டி வராது. கறி தின்று வருவது வேறு நோய், இது வேறு நோய். இரண்டுக்கும் காரணம் ஒரே புழு என்பதால்தான் இத்தனை குழப்பம். பிறந்ததிலிருந்து சைவம் சாப்பிடும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இந்த நோயைப் பார்த்து வைத்தியம் செய்துவருகிறேன். அந்த வீடுகளிலும் நீங்கள் சொன்ன அதே சந்தேகம், அதே சண்டைதான்.

புழுவின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதி தானாகத் தீரும். வளர்ந்த நாடாப்புழு இருக்கும் இடம் மனிதனின் சிறுகுடல் மட்டுமே. வெள்ளையாக, சப்பையாக, இரண்டு மூன்று மீட்டர் நீளம் வரை, சில சமயம் அதற்கு மேலும் வளரும். தலை ஊசி முனையளவுதான், அதில் உறிஞ்சிகளும் கொக்கிகளும் உண்டு. அதைக் குடல் சுவரில் பதித்துக்கொண்டு சில வருடம் இருக்கும். பின்பக்கத்துக் கண்ணிகள் முட்டையால் நிறைந்ததும் சில சில துண்டுகளாக அறுந்து மலத்தோடு வெளியே வரும். ஒரு துண்டில் மட்டும் 50,000 முட்டை அளவுக்கு இருக்கும். புழு வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. கொஞ்சம் வயிற்று அசௌகரியம் இருக்கலாம், அதுவும் இல்லாமலும் போகலாம்.

அந்த மலத்தைத் திறந்தவெளியில் பன்றி தின்கிறது. முட்டைகளின் ஓடு பன்றியின் குடலில் கரைய, உள்ளிருந்து ஆறு கொக்கிகள் கொண்ட நுண்ணிய கரு வெளியே வந்து, குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலந்து தசைக்குப் போய்ச் சேருகிறது. இரண்டு மூன்று மாதத்தில் அங்கே நீர் நிறைந்த சிறு பையாக மாறி, அதற்குள் அடுத்த புழுவின் தலை தயாராக இருக்கும். அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் ஒரு மனிதன் தின்றால், பையிலிருக்கும் தலை அவன் குடலில் ஒட்டிக்கொண்டு முழுப் புழுவாக வளரும். வட்டம் முடிந்தது. மனிதன் இறுதி ஓம்புயிரி, பன்றி இடைநிலை ஓம்புயிரி என்று பாடப்புத்தகத்தில் சொல்வது இதைத்தான். ஆக, கறி தின்றவருக்கு வருவது குடல் புழு. நன்றாக வெந்த கறியில் அதுவும் வராது.

இப்போது உங்கள் மகனுக்கு வருவோம். அவன் வயிற்றுக்குள் போனது கறியிலிருந்த பை அல்ல, முட்டை. மனித மலத்திலிருந்து வந்த முட்டை. அந்த முட்டைக்கு அது இறங்கியிருப்பது பன்றியின் குடலா, பையனின் குடலா என்ற வித்தியாசம் கிடையாது. பித்தநீரும் செரிமானச் சாறும் பட்டதும் ஓடு கரைகிறது, கரு வெளியே வருகிறது, சுவரைத் துளைக்கிறது, ரத்தத்தில் ஏறுகிறது. பன்றிக்கு நடக்கவேண்டிய அத்தனையும் மனிதனுக்கு நடந்துவிடுகிறது. ரத்தம் அதைத் தசைக்கும் கொண்டுபோகும், தோலுக்கடியிலும், கண்ணுக்கும், மூளைக்கும் கொண்டுபோகும். இப்படிப் பன்றியின் இடத்தில் மாட்டிக்கொள்ளும் மனிதனைத்தான் தற்செயலான இடைநிலை ஓம்புயிரி என்கிறோம். புழுவுக்கும் இதனால் லாபம் எதுவுமில்லை. மனித மூளையில் இருக்கும் பையை இன்னொரு மனிதன் தின்னப்போவதில்லை, அதனால் அதன் வம்சம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகிறது. ஒன்று, மூளையில் இருக்கும் பை அங்கே நாடாப்புழுவாக நீண்டு வளராது, முட்டையும் இடாது. இரண்டு, உங்கள் மகனிடமிருந்து தங்கைக்கோ பள்ளித் தோழருக்கோ எதுவும் ஒட்டாது. முட்டையைப் பரப்ப முடிந்தவர் குடலில் புழு வைத்திருப்பவர் மட்டுமே. அந்தப் புழு பன்றிக்கறியிலிருந்து மட்டுமே வரும். உங்கள் மகன் கறி தின்றதே இல்லை என்றால் அவன் குடலில் அது இருக்க வழியில்லை. பள்ளியில் யாராவது தனியாக உட்கார வைத்தால் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் முட்டை எங்கிருந்து வந்தது? குடலில் புழு வைத்திருந்த யாரோ ஒருவரிடமிருந்து. எந்தப் பாதை என்பதைத்தான் யோசிக்க வேண்டும். முட்டை கண்ணுக்குத் தெரியாது, நூலின் தடிமனைவிடச் சிறியது. நகக்கண்ணில் தங்கும். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். மலம் கழித்துவிட்டுச் சோப்புப் போடாமல் கை கழுவிய ஒருவர் சாப்பாட்டைத் தொட்டாலே போதும். திறந்தவெளியில் கழித்தது மழையில் அடித்துக்கொண்டு கீரைப் பாத்திக்கோ கிணற்றுக்கோ போவது இன்னொரு பாதை.

நியூயார்க்கில் 1990களின் தொடக்கத்தில் நடந்த ஒன்று மருத்துவ உலகில் பிரபலம். பன்றிக்கறியை மதக் கட்டுப்பாட்டின்படி தொடவே தொடாத ஆச்சார யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு மூளையில் இதே நோய் வந்தது. விசாரித்தபோது, அந்த வீடுகளில் வேலை பார்த்தவர்கள் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதும், அவர்கள் மூலம் முட்டை உணவில் சேர்ந்திருக்கலாம் என்பதும் தெரிந்தது. அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 1992இல் வெளியானது. உங்கள் கணவருக்கு இதையும் சொல்லுங்கள். கறி தின்னாதது ஒருவரைக் குடல் புழுவிலிருந்து முழுமையாகக் காக்கும், மூளைக் கட்டியிலிருந்து காக்காது.

முட்டைகோஸ் கதை நம் ஊரில் மட்டுமல்ல, நாடு முழுக்க இருக்கிறது. முட்டைகோஸில் இருக்கும் பச்சைப் புழு பூச்சியின் குஞ்சு, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அழுக்குத் தண்ணீர் பட்ட முட்டைகோஸின் மடிப்புக்குள் நாடாப்புழு முட்டை இருந்தால், பச்சையாகத் தின்பவருக்கு ஆபத்துதான். ஆனால் அது முட்டைகோஸின் தனிக் குணமல்ல. கொத்தமல்லி, வெள்ளரி, முள்ளங்கி, காரட், எதை வேகவைக்காமல் தின்றாலும் அதே கதைதான். கூட்டாகவோ பொரியலாகவோ வேகவைத்த முட்டைகோஸில் முட்டை செத்துப்போகும். மாமியாரிடம் சண்டை வேண்டாம், சமைத்துச் சாப்பிடலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் தொழில் சாப்பாட்டுக் கடை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இட்லி ஆவியில் வேகிறது, சாம்பார் கொதிக்கிறது, வடை எண்ணெயில் பொரிகிறது. இவற்றில் முட்டை தப்பிக்காது. நான் கவனிக்கச் சொல்வது அடுப்பேறாத பண்டங்களை. பச்சை மல்லி, புதினா அரைத்த சட்னி, வெள்ளரிப் பச்சடி, கோசுமல்லி, வெங்காயத் தயிர். அதற்கடுத்து வெந்ததைக் கையால் தொடும் இடம், அதாவது இட்லியைத் தட்டிலிருந்து எடுப்பது, இலையில் வைப்பது. குடிதண்ணீரும் இந்த வரிசையில் சேரும். மல்லிக்கட்டை ஒரு தடவை தண்ணீரில் முக்கி எடுப்பது போதாது. வேரையும் மண்ணையும் வெட்டி எறிந்துவிட்டு, தழையைப் பிரித்து, ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசவேண்டும். வழக்கமாகத் தண்ணீருக்குப் போடும் குளோரின் அளவு இந்த முட்டையைக் கொல்லும் என்று நம்பாதீர்கள், ஓடு கெட்டியானது. சோப்பும் கொல்லாது, ஆனால் தேய்த்துக் கழுவும்போது கையிலிருந்து அகற்றிவிடும், அதுதான் நமக்கு வேண்டியது. வெப்பம் கொல்லும். மல்லியைச் சூடான எண்ணெயில் வதக்கி அரைத்தால் கவலை குறையும்.

சரி, இத்தனை வருடம் சும்மா இருந்த பையனுக்குத் திடீரென்று ஏன் வலிப்பு வந்தது? இதைத்தான் நான் பெற்றோருக்கு நின்று நிதானமாகச் சொல்வது வழக்கம். உயிரோடு இருக்கும் பை மூளைக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். நம் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தன்னிடம் நெருங்கவிடாமல் தடுக்கும் பொருள்களை அது சுரக்கிறது. இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் ராணுவ வீரர்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்தபோது, முட்டை உள்ளே போனதற்கும் முதல் வலிப்புக்கும் இடையே பல வருடம் ஓடியிருப்பது தெரிந்தது. பை சாகத் தொடங்கும்போதுதான் பிரச்சினை. தெளிந்த நீர் கூழாகிறது, சுவர் கசிகிறது, அதுவரை மறைந்திருந்த அன்னியப் பொருள் எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படுகிறது. அவை சூழ்ந்துகொள்ள, சுற்றியிருக்கும் மூளையில் வீக்கம் வருகிறது. அந்த எரிச்சல்தான் வலிப்பு.

உங்கள் மகனின் ஸ்கேன் அறிக்கையில் மூன்று வார்த்தைகள் எழுதியிருந்தீர்கள், வளையம், புள்ளி, வீக்கம். மருந்து ஏற்றி எடுத்த படத்தில் வெள்ளையாகத் தெரிந்த வளையம், அழற்சி பிடித்த பையின் சுவர். உள்ளே இருக்கும் புள்ளி, புழுவின் தலை. அது தெரிந்தால் வேறு நோய் என்று சந்தேகப்பட இடமில்லை. வீக்கம் நான் மேலே சொன்ன எரிச்சல். அதாவது அவன் மூளையில் இருப்பது வளர்ந்துவரும் ஒன்றல்ல, செத்துக்கொண்டிருக்கும் ஒன்று. இடது மூளையில், கையை அசைக்கும் பகுதிக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் வலது கையில் இழுப்பு ஆரம்பித்தது, பிறகுதான் நினைவு தப்பியது. எல்லாம் பொருந்துகிறது.

இந்த வளையத்தைப் பற்றி வேலூருக்கு ஒரு வரலாறு உண்டு. சி.டி. ஸ்கேன் நம் நாட்டில் பரவத் தொடங்கிய 1980களில், வலிப்பு வந்தவர்களின் மூளையில் இப்படிச் சின்ன ஒற்றை வளையங்களை அடிக்கடி பார்த்தார்கள். பெரும்பாலும் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்துவந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நரம்பியல் அறுவை நிபுணர்கள் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தக் கட்டிகளிலிருந்து துணுக்கெடுத்துப் பரிசோதித்தபோது, பெரும்பாலானவை சாகும் நாடாப்புழுப் பைகள் என்று தெரிந்தது. அதை 1989இல் வெளியிட்டார்கள். பிறகு துணுக்கெடுக்காமலேயே இதை அடையாளம் காண விதிகளும் வகுத்தார்கள். வளையம் ஒன்றே ஒன்றாக, 20 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். மூளை ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கக் கூடாது. விடாத தலைவலி வாந்தி, நாளுக்கு நாள் கூடும் கைகால் பலவீனம் இருக்கக் கூடாது. உடலில் வேறெங்கும் காசம், புற்றுநோய் போன்ற அறிகுறி இருக்கக் கூடாது. உங்கள் மகன் இந்த விதிகளுக்குள் வருகிறான் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ரத்தப் பரிசோதனை ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்பார்கள். ஒற்றைக் கட்டி இருப்பவர்களில் பலருக்கு அந்தப் பரிசோதனை இல்லை என்றே காட்டும், அதனால் இல்லை என்று வந்தாலும் நோயை மறுக்க முடியாது.

நம் பகுதியில் இது அரிதும் அல்ல. 2006இல் வெளிவந்த வேலூர் மாவட்ட ஆய்வில் 50,000க்கும் அதிகமான மக்களை விசாரித்தார்கள். இன்றைய ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும் அப்போது வேலூருக்குள்தான் இருந்தன. ஆயிரத்துக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ஸ்கேனிலோ ரத்தத்திலோ இந்தப் புழுவின் தடயம் இருந்தது.

மருந்துக்கு வருவோம். உங்கள் டாக்டர் எழுதிய வரிசை சரியானது, அந்த வரிசையை மாற்றாதீர்கள். வலிப்பு மாத்திரைதான் முதன்மை. பூச்சி மாத்திரை என்று நீங்கள் சொல்வது அல்பெண்டசோல். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், உங்கள் மகன் 40 கிலோ என்றால் சுமார் 600 மில்லிகிராமை இரண்டு வேளையாகப் பிரித்து, 10 முதல் 14 நாள் வரை கொடுப்பது வழக்கம். சீட்டில் எழுதியிருக்கும் அளவே உங்களுக்கு அளவு. வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். நெய், பால், எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு கொடுத்தால்தான் ரத்தத்தில் நன்றாக ஏறும். மாத்திரை பட்டுப் பை வேகமாகச் சாகும்போது வீக்கம் கொஞ்சம் கூடும், தலைவலி வரலாம், வலிப்பும் வரலாம். அதைத் தடுக்கத்தான் ஸ்டீராய்டு. உடம்பு ஊதிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்பதற்காக அதைப் பாதியில் நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்கிறபடி குறைத்துத்தான் நிறுத்தவேண்டும். விடாத வாந்தி, மயக்கம், பார்வை மங்கல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அல்பெண்டசோல் தொடங்கும் முன் கண் டாக்டரிடம் காட்டினார்களா? சீட்டில் இல்லையென்றால் கேளுங்கள். கண்ணுக்குள் ஒரு பை இருந்து, மருந்தால் அது அங்கே செத்தால், அந்த அழற்சி பார்வையைப் பறித்துவிடும். கண்ணில் சொட்டு விட்டு விளக்கடித்துப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனைதான், ஆனால் முன்னாடியே செய்யவேண்டும். இதேபோல, மூளை முழுக்க நிறையப் பைகளும் கடும் வீக்கமும் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையே ஆபத்து. அதனால்தான் ஸ்கேன் இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது என்கிறோம். பள்ளியில் குடற்புழு நீக்க நாளில் கொடுத்த ஒற்றை மாத்திரை இவனைக் காப்பாற்றவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். அது உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கானது. ஒரே ஒரு வேளை 400 மில்லிகிராம் மூளையில் இருக்கும் பைக்குப் போதாது.

ஒற்றைக் கட்டி பல பேருக்கு மருந்தில்லாமலே சில மாதங்களில் கரைந்துபோகும் என்பது உண்மை. மருந்து அதைச் சற்று விரைவாக்குகிறது. மறு ஸ்கேனில் மூன்று விதமாகக் காணலாம். முழுதாக மறைந்திருந்து, ஆறு மாதமாக வலிப்பும் வராமல் இருந்தால், டாக்டர் வலிப்பு மாத்திரையை மெதுவாகக் குறைப்பார். வளையம் இன்னும் இருந்தால் மாத்திரை தொடரும். வளையம் போய் அந்த இடத்தில் சுண்ணாம்புப் புள்ளி ஒன்று தங்கியிருந்தால், புழு செத்து முடிந்தது என்று பொருள், வைத்தியம் தோற்றது என்று பொருளல்ல. அதற்கு மீண்டும் பூச்சி மாத்திரை வேண்டாம். ஆனால் அந்தத் தழும்பிலிருந்து பின்னாளில் வலிப்பு வர வாய்ப்புண்டு, அதனால் வலிப்பு மாத்திரை இன்னும் நீண்ட காலம், பெரும்பாலும் இரண்டு வருடம் வரை தேவைப்படும். எதுவாக இருந்தாலும் வலிப்பு நின்றுவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தியதில் அடுத்த வலிப்பு கிணற்றுப் படியில் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொல்லும்வரை கிணறு, ஏரி, குளத்தில் குளிப்பது வேண்டாம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறுவது வேண்டாம், சைக்கிளில் சாலையில் போவதும் வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் கரண்டியோ துணியோ திணிக்காதீர்கள். சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதை விட்டுவிட்டு மணியைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.

கடையில் வேலை செய்பவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களை நிறுத்தாதீர்கள். உங்கள் மகன் முட்டையை விழுங்கியது சென்ற வருடமாகவும் இருக்கலாம், அவன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோதாகவும் இருக்கலாம். அப்போது புழு வைத்திருந்தவர் இன்று உங்கள் கண்ணெதிரில் இருப்பவர்தான் என்று யாரும் சொல்லமுடியாது. பள்ளிக்கூட வாசலில் மாங்காய் விற்றவராக இருக்கலாம், திருவிழாவில் பானகம் கரைத்தவராக இருக்கலாம். ஆனாலும் இப்போது யாராவது புழுவோடு இருந்தால், தங்கைக்கும், உங்கள் கடையில் தினம் சாப்பிடுபவர்களுக்கும், அதைவிட முதலில் அவருக்கே ஆபத்து. தன் குடலில் இருக்கும் புழுவின் முட்டையைத் தன் கையாலேயே விழுங்கி மூளைக் கட்டி வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. எனவே மலத்தைப் பரிசோதிக்க வேண்டும், ஆனால் எல்லாருக்கும். அசைவம் சாப்பிடும் இருவரை மட்டும் கூப்பிடாதீர்கள். நீங்கள், கணவர், மாமியார், வேலை செய்யும் மூவர், அத்தனை பேரும் கொடுங்கள். வீட்டில் சைவமாக இருக்கும் ஆண்கள் வெளியூரில் என்ன சாப்பிட்டார்கள் என்பது மனைவிக்குத் தெரியாமலும் இருக்கும், அதைக் கிளறத் தேவையில்லாமல் பரிசோதனை நடந்துவிடும். செலவு கடைக்கணக்கில் இருக்கட்டும்.

மலப் பரிசோதனையை ஒரு தடவை கொடுத்து இல்லை என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். துண்டுகள் தினமும் வெளியேறுவதில்லை. வெவ்வேறு நாளில் மூன்று முறை கொடுக்கவேண்டும். அதற்குமுன் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒன்று கேளுங்கள், அதுவே பல சமயம் ஆய்வகத்தைவிடப் பயன்படும்: மலத்தில் வெள்ளையாக, சப்பையாக, நகத்தளவுத் துண்டுகளையோ, அவை கோத்த நாடாவையோ பார்த்ததுண்டா? பார்த்திருந்தால் ஒரு டப்பாவில் எடுத்துவரச் சொல்லுங்கள்.

ஆய்வக அறிக்கையில் டீனியா முட்டை, அதாவது நாடாப்புழு முட்டை, என்று வந்தால் அவசரப்பட்டு ஒருவரைக் குற்றவாளியாக்காதீர்கள். மாட்டு நாடாப்புழுவின் முட்டையும் பன்றி நாடாப்புழுவின் முட்டையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும், முட்டையைப் பார்த்துப் பிரிக்க முடியாது. மாட்டுப் புழு மூளைக்கட்டி உண்டாக்காது. வெளியேறிய துண்டைப் பார்த்தால், அதன் நடுக்குழாயிலிருந்து பிரியும் கிளைகளை எண்ணி எது எது என்று சொல்லிவிடலாம், பன்றிப் புழுவுக்குக் கிளைகள் குறைவு. எந்தப் புழுவானாலும் வைத்தியம் கொடுத்துவிடுவோம். நிக்லோசமைடு ஒரே வேளை, அல்லது பிராசிகுவாண்டல். நான் முதலில் விரும்புவது நிக்லோசமைடு, ஏனென்றால் அது குடலிலேயே நின்றுவிடும். மற்றது ரத்தத்தில் ஏறி, அவருக்குத் தெரியாமல் மூளையில் கிடக்கும் பையைக் கிளறி வலிப்பு உண்டாக்கக்கூடும். அதனால் மருந்து கொடுக்கும்முன் அவருக்கு எப்போதாவது வலிப்போ நீண்ட நாள் தலைவலியோ இருந்ததா என்று டாக்டர் கேட்கவேண்டும். மாத்திரை போட்ட நாட்களில் புழு துண்டு துண்டாக வெளியேறும். அப்போது கழிப்பறையில்தான் போகவேண்டும், சோப்புப் போட்டு நகத்தைச் சுரண்டிக் கை கழுவவேண்டும், அந்த நாட்களில் சமையலறைப் பக்கம் வரவேண்டாம். சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். ஒரு மாதம் கழித்து மறு பரிசோதனை.

தங்கைக்கு இப்போது ஸ்கேன் எடுக்க வேண்டாம். வலிப்போ விடாத தலைவலியோ இல்லாத குழந்தைக்குக் கதிர்வீச்சு எதற்கு? ஒரு வேளை ஏதாவது ஒரு பை இருந்தாலும், தொந்தரவே தராத ஒன்றைத் தேடிப்போய்ப் பெரும்பாலும் எதுவும் செய்யமாட்டோம். தோலுக்கடியில் பட்டாணியளவு கெட்டியான, வலியில்லாத உருண்டை ஏதாவது தட்டுப்பட்டால் மட்டும் காட்டுங்கள், இருவருக்கும்தான்.

மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறு ஸ்கேனுக்கு வரச் சொல்வார்கள். அப்போது இந்த முதல் ஸ்கேனின் ஃபிலிமையும் தகட்டையும் அறிக்கையோடு கொண்டுபோங்கள். வளையம் சுருங்கியிருக்கிறதா என்பதைப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் சொல்லமுடியும். வலிப்பு வந்த தேதி, எந்தப் பக்கம் இழுத்தது, எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மாத்திரை விட்டுப்போன நாட்களையும் மறைக்காமல் அதிலேயே எழுதுங்கள்.